டிவியைச் சாகடிப்பது எந்த வோல்டேஜ்?

டிவி வாங்கும்போது கடைக்காரர் கூடவே ஒரு ஸ்டெபிலைசரையும் எடுத்து வைப்பார். வேண்டாம் என்றால் சர்ஜ் ப்ரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸையாவது தலையில் கட்டுவார். இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன, ஒன்று இருந்தால் போதும் என்றுதான் பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். இரண்டின் வேலையும் வேறு வேறு. அதைவிட முக்கியமானது, நம் ஊரில் டிவியை ஒரேயடியாகப் பொசுக்கும் கோளாறுக்கு இந்த இரண்டுமே சரியான மருந்து இல்லை. அந்தக் கோளாறைப் பற்றித்தான் இந்த அத்தியாயத்தில் அதிகம் சொல்லப்போகிறேன். அதற்கு முன் டிவியின் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பின்புற ஸ்டிக்கரில் மின்சார அளவு அச்சாகியிருக்கும். இன்றைய எல்இடி டிவிகளில் பெரும்பாலும் '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருக்கும். உள்ளே இருக்கும் பவர் போர்டு எஸ்எம்பிஎஸ் வகையைச் சேர்ந்தது. வரும் கரண்டை முதலில் டிசியாக மாற்றி ஒரு பெரிய கெபாசிட்டரில் நிரப்பிக்கொண்டு, அதிலிருந்து தனக்கு வேண்டிய வோல்டேஜைத் தானே தயாரித்துக்கொள்ளும். வெளியே 140 வோல்ட் வந்தாலும் 230 வந்தாலும் படத்தில் வித்தியாசம் தெரியாது. சாயங்காலம் பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் டியூப்லைட் எரியாமல் திணறும்போதும் டிவி மட்டும் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். வோல்டேஜ் குறையக் குறைய டிவி இழுக்கும் ஆம்பியர் கூடும், போர்டு கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான். 90 வோல்ட்டுக்கும் கீழே போனால் அணைந்து அணைந்து எரியும். அப்போது சுவிட்சை நிறுத்திவிடுவது நல்லது.

நம் சப்ளையின் அளவு 230 வோல்ட். அதில் பத்து சதவீதம் கூடலாம், குறையலாம் என்று கணக்கு. ஆக 207 முதல் 253 வரை வந்தால் ஒழுங்கான சப்ளை. ஸ்டிக்கரில் 240 என்று போட்டிருந்தாலும் 253 வந்ததற்காக எந்த டிவியும் சாகாது. பழைய பிக்சர் ட்யூப் டிவிகள் பலவற்றுக்கு இந்தத் தாங்கும் சக்தி கிடையாது. வோல்டேஜ் இறங்கினால் அவற்றில் படமே சுருங்கும். ஸ்டெபிலைசர் இல்லாமல் டிவி வைக்கக் கூடாது என்ற எண்ணம் அந்தக் காலத்திலிருந்து வந்தது.

நியூட்ரல் போனால் என்ன ஆகிறது

தெருவில் ஓடும் லைன் மூன்று ஃபேஸும் ஒரு நியூட்ரலும் கொண்டது. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே 400 வோல்ட். தெருவில் உள்ள வீடுகளை மூன்று ஃபேஸுக்கும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். நியூட்ரல் எல்லோருக்கும் பொது.

இந்தப் பொது நியூட்ரல் ட்ரான்ஸ்பார்மர் பக்கத்திலோ கம்பத்திலோ அறுந்தாலும், அதன் ஜாயின்ட் துருப்பிடித்துத் தளர்ந்தாலும் கரண்ட் நிற்பதில்லை. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், ஒரு ஃபேஸில் உள்ள வீடு வழியாக நியூட்ரல் கம்பிக்கு வந்து, அங்கிருந்து வேறொரு ஃபேஸில் உள்ள வீட்டுக்குள் புகுந்து வெளியேறுகிறது. இரண்டு வீடும் வரிசையாகக் கோத்ததுபோல ஆகி, 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்கின்றன. பங்கு சமமாகப் பிரியாது. குறைவாகக் கரண்ட் எடுக்கும் வீட்டுக்குத்தான் அதிக வோல்டேஜ்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் வீட்டில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் ஓடுகிறது. 230-ஐ 230-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் அதன் தடை சுமார் 53 ஓம். இரண்டாவது வீட்டில் ஒரு டிவியும் ஒரு லைட்டும் சேர்ந்து 100 வாட். அதே கணக்கில் 529 ஓம். இரண்டும் சேர்ந்தால் 582. இந்த 582-இல் 529 பங்கு இரண்டாவது வீட்டுக்கு என்றால் அங்கே 400-இல் 364 வோல்ட் ஏறுகிறது. அயர்ன் பாக்ஸ் வீட்டுக்குக் கிடைப்பது மிச்சம் 36. அங்கே லைட்டே எரியாது. தெருவில் இன்னும் பல வீடுகள் இருக்கின்றன, டிவியும் வெறும் கம்பிச்சுருள் மாதிரி நடந்துகொள்வதில்லை, ஆகவே இதே எண்ணிக்கை அப்படியே வராது. ஆனால் போக்கு இதுதான். மத்தியான வேளையில் வேறெதுவும் ஓடாமல் டிவி மட்டும் ஓடும் வீடுதான் அடி வாங்கும்.

364 வோல்ட் ஏசி, டிவியின் பெரிய கெபாசிட்டரில் 514 வோல்ட் டிசியாக நிரம்பும். அந்தக் கெபாசிட்டரின் மேல் எழுதியிருப்பது பெரும்பாலும் 450. ஒழுங்கான சப்ளையின் உச்சமான 253 வந்தால்கூட 358 வரைதான் போகும் என்பதால் அதற்கு 450 போதும் என்று வடிவமைத்திருக்கிறார்கள். 514-க்கு அது தயாராக இல்லை. தலை உப்பி வெடிக்கும்.

நியூட்ரல் முழுதாக அறுவதற்கு முன்னால் பெரும்பாலும் தளர்ந்துதான் இருக்கும். அப்போதே வீடு அடையாளம் காட்டிவிடும். பக்கத்தில் யாரோ மோட்டார் போட்டால் உங்கள் வீட்டு லைட் மங்குவது சாதாரண லோ வோல்டேஜ். அதற்குப் பதிலாக லைட் பளிச்சென்று கூடுதலாக எரிந்தாலோ, ஃபேன் திடீரென வேகம் பிடித்தாலோ, அது நியூட்ரல் கோளாறு. மூன்று ஃபேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் இன்னும் தெளிவாகத் தெரியும்: ஒரு அறையில் லைட் மங்கலாகவும் அடுத்த அறையில் கண் கூசும்படியும் எரியும். அந்த நேரத்தில் டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டு உட்காராதீர்கள். மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குக் கூப்பிட்டு, "நியூட்ரல் கட், வோல்டேஜ் ஏறி இறங்குகிறது" என்று சொல்லுங்கள். கரண்ட் இல்லை என்று மட்டும் சொன்னால் ஃப்யூஸ் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

உங்கள் வீட்டுக்கு மட்டும் வரும் ஒற்றை ஃபேஸ் சர்வீஸ் ஒயரில் நியூட்ரல் அறுந்தால் கதை வேறு. வோல்டேஜ் ஏறாது, எல்லாம் அணைந்துவிடும். ஏதாவது ஒரு லைட் சுவிட்ச் போட்ட நிலையில் இருக்க, பிளக் பாயின்ட்டில் டெஸ்டரை வைத்தால் இரண்டு ஓட்டையிலும் விளக்கு எரியும். அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். டிவிக்கு ஆபத்து குறைவு, ஆளுக்கு ஆபத்து அதிகம். கரண்ட் இல்லை என்று நினைத்து எதையும் தொடக் கூடாது.

சர்ஜ் ப்ரொடெக்டர் எதைப் பிடிக்கும்

நல்ல சர்ஜ் ப்ரொடெக்டரைப் பிரித்தால் உள்ளே பத்துப் பைசா அளவில், பெரும்பாலும் நீல நிறத்தில், இரண்டு கால் வைத்த வட்டத் தட்டு ஒன்றோ மூன்றோ இருக்கும். எம்ஓவி என்பார்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே அது சும்மா உட்கார்ந்திருக்கும். சாதாரண வோல்டேஜில் கரண்ட்டை விடாது. நம் ஊருக்கான எம்ஓவிகளில் பல 275 வோல்ட் ஏசியைத் தொடர்ந்து தாங்கும் ரகம். உச்ச வோல்டேஜ் சுமார் 430-ஐத் தாண்டும்போது அது திறந்துகொண்டு, மிஞ்சிய சக்தியைத் தன் வழியாக ஓடவிட்டு வெப்பமாக்கிவிடும்.

எங்கோ தூரத்தில் இடி விழும்போதோ, பெரிய மோட்டார் நிற்கும்போதோ லைனில் பாயும் உதறல் சில ஆயிரம் வோல்ட் வரை போகலாம். ஆனால் அது நிற்பது ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு நேரம்தான். அந்தச் சொற்ப நேரத்தில் அதை எழுநூறு வோல்ட் அளவுக்குள் மடக்கிவிடுவது எம்ஓவியின் வேலை. மிச்சத்தை டிவிக்குள் இருக்கும் ஃபில்டர் தாங்கிக்கொள்ளும். இந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது.

280 வோல்ட் வந்து ஒரு மணி நேரம் நின்றால் இந்தத் தட்டு அதைக் குறைக்காது. 280 அப்படியே டிவிக்குப் போகும். நியூட்ரல் போய் 364 வந்தால் ஒவ்வொரு அலையின் உச்சியிலும், அதாவது நொடிக்கு நூறு தடவை, எம்ஓவி திறந்து மூடும். சில நொடிகளில் பழுத்துப் பிளந்துவிடும். தரமான பாக்ஸில் எம்ஓவியோடு ஒட்டியபடி ஒரு வெப்ப ஃப்யூஸ் இருக்கும். அது தீப்பிடிக்காமல் காப்பாற்றும். மலிவான பாக்ஸில் அதுவும் இருக்காது, பிளாஸ்டிக் உருகும். 'ஸ்பைக் கார்டு' என்று எழுதி விற்கும் பலவற்றில் ஒரு சுவிட்சும் சிவப்பு விளக்கும் தவிர வேறொன்றும் கிடையாது. வாங்கும்போது அட்டையில் எத்தனை ஜூல் என்று போட்டிருக்கிறதா, பாதுகாப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று காட்டும் தனி விளக்கு உண்டா என்று பாருங்கள். எம்ஓவி ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும் பொருள். அந்த விளக்கு அணைந்துவிட்டால் பிளக் பாயின்ட் வேலை செய்தாலும் காவல் போய்விட்டது என்று பொருள்.

ஸ்டெபிலைசர் என்ன செய்கிறது

ஸ்டெபிலைசருக்குள் பல இடங்களில் கம்பி எடுத்துவிட்ட ஒரு ட்ரான்ஸ்பார்மரும் சில ரிலேக்களும் இருக்கின்றன. உள்ளே வரும் வோல்டேஜை ஒரு சின்ன சர்க்யூட் கவனித்து, எந்தக் கம்பியிலிருந்து எடுத்தால் 230-க்குப் பக்கத்தில் வரும் என்று பார்த்து ரிலேயை மாற்றுகிறது. 'டக்', 'டக்' என்று கேட்பது அந்தச் சத்தம்தான். ரிலே மாற ஒரு நொடியின் நூற்றில் சில பங்கு ஆகும். மின்னல் உதறல் அதற்கு முன்பே வந்து போய்விடும், அதை ஸ்டெபிலைசர் பார்க்கவே பார்க்காது.

இந்த மெதுவான குணத்தால் ஒரு சங்கடமும் உண்டு. சாயங்காலம் 160 வோல்ட் வருகிறது, ஸ்டெபிலைசர் அதை 1.4 மடங்காக்கி 224 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பம்ப்செட்டுகள் ஒன்றாக நின்று வோல்டேஜ் ஒரே தாவலில் 225-க்கு வந்தால், ரிலே மாறும்வரை டிவிக்குப் போவது 315. சில கணம்தான், டிவி பெரும்பாலும் தாங்கிவிடும். ஆனால் ஸ்டெபிலைசர் இல்லாதிருந்தால் அதற்கு அந்தச் சோதனையே வந்திருக்காது. 100 வோல்ட்டிலிருந்து ஓடக்கூடிய டிவிக்கு லோ வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் வேலை தேவையில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஸ்டிக்கரில் 220-240 என்று மட்டும் இருந்தால் ஸ்டெபிலைசர் வையுங்கள். டிவியோடு ட்ரான்ஸ்பார்மர் வைத்த பழைய ஆம்ப்ளிஃபையர் இருந்தாலும் வையுங்கள். மற்றபடி அதை வாங்கக் காரணம் ஒன்றே ஒன்று: ஹை வோல்டேஜ் கட்-ஆஃப். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் வெளியே கரண்ட்டே விடாமல் நிறுத்திவிடும் வசதி அது. அட்டையில் அந்த வசதியைச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்து வாங்குங்கள். '90-290' என்று பெரிதாக அச்சிட்டிருப்பது அது வேலை செய்யும் எல்லையை மட்டுமே குறிக்கும். 360 வந்தால் ஸ்டெபிலைசரே தப்பிக்குமா என்பது அதன் தரத்தைப் பொறுத்தது.

சரியான காவல் எது

நியூட்ரல் கோளாறுக்கு வேண்டியது, வோல்டேஜைத் திருத்தாமல் வெறுமனே துண்டிக்கும் ஒரு கருவி. வோல்டேஜ் ப்ரொடெக்டர் என்று எலக்ட்ரிகல் கடைகளில் கேட்டால் கிடைக்கும். எம்சிபி மாதிரி டிபி பாக்ஸுக்குள் மாட்டக்கூடியது, முகப்பில் அப்போதைய வோல்டேஜ் எண்ணாகத் தெரியும். மேல் எல்லை, கீழ் எல்லை, திரும்பச் சேர்க்கும் முன் காத்திருக்கும் நேரம் மூன்றையும் நாமே வைத்துக்கொள்ளலாம். நான் பரிந்துரைப்பது மேலே 270, கீழே 170, காத்திருப்பு மூன்று நிமிடம். மேல் எல்லையை 255-இல் வைத்தால் நள்ளிரவில் லோடு குறைந்து வோல்டேஜ் கொஞ்சம் ஏறும்போதெல்லாம் வீடு இருட்டாகும். எரிச்சலில் யாராவது கருவியைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். கீழ் எல்லை டிவிக்காக இல்லை, ஃப்ரிட்ஜுக்காக. டிவிக்கு மட்டும் போதும் என்றால் பிளக்கில் செருகும் சின்ன ரகமும் உண்டு.

டிபியில் மாட்டும் வேலையை வயர்மேனிடம் விடுங்கள். மெயின் எம்சிபிக்கு அடுத்ததாக வரவேண்டும், வீட்டு லோடுக்கு ஏற்ற ஆம்பியர் இருக்கவேண்டும். மூன்று ஃபேஸ் வீட்டில் ஒரு ஃபேஸுக்கு மட்டும் வைத்தால் மற்ற இரண்டும் திறந்தே கிடக்கும்.

இதுவும் ரிலே வைத்ததுதான், மின்னல் உதறலைப் பிடிக்காது. ஆகவே டிபியில் வோல்டேஜ் ப்ரொடெக்டர், டிவி பக்கத்தில் எம்ஓவி உள்ள நல்ல சர்ஜ் ப்ரொடெக்டர் என்று இரண்டும் இருந்தால் லைன் வழியாக வரும் ஆபத்து பெரும்பாலும் அடங்கிவிடும். சர்ஜ் ப்ரொடெக்டரில் எர்த்துக்குப் போகும் எம்ஓவிகளும் உண்டு. மூன்றாவது ஓட்டையில் நிஜமாகவே எர்த் இருந்தால்தான் அவை வேலை செய்யும்.

கருவி எதுவும் தடுக்காத வழி ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் டிவி போனதென்று சொல்லும் வீடுகளில் நான் முதலில் கேட்பது, கேபிள் ஒயரைக் கழற்றினீர்களா என்றுதான். மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து வரும் ஒயர், கம்பம் கம்பமாக இழுத்து வரும் கேபிள்காரர் ஒயர், இன்டர்நெட் லேன் ஒயர் இவற்றின் வழியாக வரும் உதறல் செட்டாப் பாக்ஸுக்குள் புகுந்து எச்டிஎம்ஐ ஒயரில் ஏறி டிவியின் மெயின் போர்டைத் தொடும். கரண்ட் ஒயரில் என்ன கருவி மாட்டியிருந்தாலும் இதற்குச் சம்பந்தமில்லை. இடி இடிக்க ஆரம்பிக்கும்போதே டிவி பிளக்கையும் செட்டாப் பாக்ஸ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, டிஷ் ஒயரையும் பாக்ஸிலிருந்து திருகிக் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஒயரைத் தொடாதீர்கள். சுவரில் உள்ள சுவிட்சை நிறுத்தினால் போதாதா என்று கேட்பார்கள். அந்தச் சுவிட்ச் ஃபேஸ் ஒயரை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரலும் எர்த்தும் டிவியோடு இணைந்தேதான் இருக்கும்.

கரண்ட் போகும்போதும் வரும்போதும்

கரண்ட் போவதால் டிவிக்கு ஒன்றும் ஆவதில்லை. சாஃப்ட்வேர் அப்டேட் நடந்துகொண்டிருக்கும்போது போனால் மட்டும் விபரீதம். பாதியில் நின்ற அப்டேட்டால் டிவி லோகோவிலேயே உறைந்துவிடலாம். கரண்ட் கட் அறிவித்திருக்கும் நாளில் அப்டேட் கேட்டால் தள்ளிப்போடுங்கள்.

கரண்ட் திரும்பும் நேரம்தான் கவனிக்க வேண்டியது. தெருவில் உள்ள ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஒரே சமயத்தில் இழுக்கும். லைன்மேன் ஒருமுறை ஏற்றிப் பார்த்து, ட்ரிப் ஆகி, மறுபடி ஏற்றுவார். ரிமோட்டில் அணைத்த டிவி அப்போதும் லைனில்தான் இருக்கிறது. அந்தச் சிவப்புப் புள்ளி எரிகிறதென்றால் பவர் போர்டு விழித்திருக்கிறது. கரண்ட் போனதும் சுவிட்சை நிறுத்தி, வந்து மூன்று நிமிடம் கழித்துப் போடுங்கள்.

இன்வெர்டர் இருக்கிறது, ஆகவே கவலையில்லை என்று நம்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். கரண்ட் இருக்கும்போது சாதாரண வீட்டு இன்வெர்டர், வரும் லைனை அப்படியே வீட்டுக்குள் விடுகிறது, திருத்துவதில்லை. பல இன்வெர்டர்களின் பின்னால் 'நார்மல்', 'யுபிஎஸ்' என்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. நார்மலில் வைத்தால் சுமார் 100 முதல் 290 வரை எதையும் உள்ளே விடும். யுபிஎஸ்ஸில் வைத்தால் சுமார் 180 முதல் 260 வரைதான் விடும், அதைத் தாண்டினால் பேட்டரிக்கு மாறிவிடும். டிவி அந்த லைனில் இருந்தால் யுபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள். லோ வோல்டேஜ் அடிக்கடி வரும் ஊரில் பேட்டரி சீக்கிரம் காலியாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

போன பிறகு

எதனால் போனது என்பதை போர்டே சொல்லும். மெக்கானிக் டிவியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். கரண்ட் ஒயர் போர்டில் சேரும் இடத்தில் முதலில் ஒரு ஃப்யூஸ், அதற்கு அடுத்து அதே வட்டத் தட்டு எம்ஓவி ஒன்று இருக்கும். டிவிக்குள்ளேயே கம்பெனிக்காரர்கள் வைத்திருப்பது. ஃப்யூஸ் கண்ணாடி கறுத்து, எம்ஓவி பிளந்து, பெரிய கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தால் வோல்டேஜ் ஏறி நின்றிருக்கிறது, நியூட்ரலைச் சந்தேகப்படுங்கள். பவர் போர்டு சுத்தமாக இருந்து, சிவப்பு விளக்கும் எரிந்து, எச்டிஎம்ஐ மட்டும் வேலை செய்யவில்லை என்றால் கேபிள் வழியாக வந்திருக்கிறது. வாரன்டி அட்டையில் வோல்டேஜால் வந்த சேதம் பெரும்பாலும் சேராது என்பதால், காரணம் தெரிந்துகொள்வது அடுத்த டிவிக்காவது உதவும்.

எம்ஓவி தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கவும் கூடும். அது ஷார்ட் ஆகி ஃப்யூஸை எரித்திருக்கும், மற்ற பாகங்கள் நன்றாக இருக்கும். அப்போது எம்ஓவியையும் ஃப்யூஸையும் மாற்றினாலே டிவி உயிர்பெறும், முழு போர்டும் வாங்க வேண்டியதில்லை. சில மெக்கானிக்குகள் அவசரத்தில் பிளந்த எம்ஓவியைக் கட்டரால் வெட்டி எறிந்துவிட்டு ஃப்யூஸ் மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். டிவி அருமையாக ஓடும். ஆனால் அடுத்த அடி நேராக கெபாசிட்டருக்கும் ஐசிக்கும்தான். அதே எண் அச்சிட்ட புது எம்ஓவியைப் போடச் சொல்லுங்கள். அதன் விலை மிகச் சொற்பம். டிவியை மறுபடி மாட்டுவதற்கு முன் அவரிடமே மல்டிமீட்டரைக் கொடுத்து, உங்கள் பிளக் பாயின்ட்டில் எத்தனை வோல்ட் வருகிறது என்று ஃப்ரிட்ஜ் ஓடும்போதும் நிற்கும்போதும் அளந்து காட்டச் சொல்லுங்கள். மூன்று ஃபேஸ் வீட்டில், வேறு ஃபேஸில் உள்ள ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும் கணத்தில் எண் ஏறினால் நியூட்ரலில் இன்னும் கோளாறு இருக்கிறது. லைன்மேன் வந்து ஜாயின்ட்டை இறுக்கும்வரை டிவி பிளக் வெளியிலேயே கிடக்கட்டும்.